இரண்டு சதவீதம் ஒரு சதவீதமான கதை: ஒரு கட்டுமான ஒப்பந்ததாரரின் குறைந்த வரிப் பிடித்தச் சான்றிதழ் – நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டு நிறுவனம், சாலைப் பராமரிப்பு, வடிகால், தொழிற்சாலைக் கட்டடம் ஆகிய வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்து வருகிறது. 2024-25 நிதியாண்டின் தொடக்கத்தில் அண்ணன் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தபோது, பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குக் கையில் கொண்டு வந்திருந்தார். "ஒவ்வொரு வருசமும் பிடிச்ச காசு, அதுக்கு அடுத்த வருசம் தீபாவளி தாண்டித்தானுங்க திரும்பி வருது. அதுவரைக்கும் ஜல்லிக்காரருக்கும் சிமெண்ட் கடைக்கும் நான் பேங்க்ல வட்டி கட்டி வாங்கித்தானுங்க கொடுக்கறேன்" என்றார். அவர் கேட்டது ரீஃபண்டை விரைவாகப் பெறும் வழியைத்தான். ஆனால் ரீஃபண்ட் உருவாகும் அளவுக்கு வரி பிடிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் வழி சட்டத்திலேயே இருக்கிறது என்பதையும், அந்த வழியில் நாங்கள் ஜூன் முதல் மார்ச் வரை நடந்தபோது எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. 2024-25 ஆண்டுக்கு 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமே பொருந்தும் என்பதால் பிரிவு எண்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின்படியே தரப்பட்டுள்ளன.

ஏன் அதிகமாகப் பிடிக்கப்படுகிறது

ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பவர் பிரிவு 194சி-இன்படி வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டும். ஒப்பந்ததாரர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருந்தால் ஒரு சதவீதமும், கூட்டு நிறுவனம், கம்பெனி போன்ற மற்றவராக இருந்தால் இரண்டு சதவீதமும் பிடிக்கப்படும். இந்தப் பிடித்தம் லாபத்தின் மீது அன்று, பில் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. கூட்டு நிறுவனத்தின் லாபத்துக்கு வரி 30 சதவீதம். அதன் மீது 4 சதவீத செஸ் சேர்ந்தால் 31.2 சதவீதம். ஆகவே, பில் தொகையில் 6.41 சதவீதம் வரிக்குரிய லாபமாக மிஞ்சினால்தான் இரண்டு சதவீதப் பிடித்தமும் உண்மையான வரியும் சமமாகும். அதற்குக் கீழே லாபம் இருந்தால் ஒவ்வொரு பில்லிலும் கூடுதலாகவே வரி போய்க்கொண்டிருக்கும்.

இந்த நிறுவனத்தில் லாபம் அதற்கும் வெகு கீழே இருந்ததற்குக் காரணம் தொழில் சரியில்லை என்பதல்ல. வேலையைப் பார்ப்பது சகோதரர் இருவருமே. கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தின்படி இருவருக்கும் ஆளுக்கு 12 லட்சம் ரூபாய் ஊதியம் உண்டு. பிரிவு 40(பி) வகுத்துள்ள உச்சவரம்புக்குள் இருக்கும் அந்த ஊதியம் நிறுவனத்தின் கணக்கில் செலவாகக் கழிக்கப்பட்டு, பங்குதாரர்களின் கையில் அவர்களுடைய வருமானமாக வரிக்கு உள்ளாகிறது. இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத முடிச்சு இருக்கிறது. வரி பிடிக்கப்படுவது நிறுவனத்தின் பான் எண்ணில். வருமானத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்வதோ பங்குதாரர்களின் பான் எண்களுக்கு. நிறுவனத்தின் பெயரில் தேங்கிக் கிடக்கும் பிடித்தத்தைத் தங்கள் சொந்த வரிக்கு அவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது. நிறுவனம் ஒருபுறம் ரீஃபண்டுக்குக் காத்திருக்க, சகோதரர்கள் மறுபுறம் தங்கள் பையிலிருந்து முன்கூட்டிய வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுக் கணக்கை இப்படி மதிப்பிட்டோம். நெடுஞ்சாலைத் துறையின் ஒரு கோட்ட அலுவலகத்திலிருந்து 3.2 கோடி, ஒரு மாநகராட்சியிலிருந்து 1.8 கோடி, ஒரு தனியார் தொழிற்சாலையிலிருந்து 1 கோடி, ஆக மொத்தம் ஜிஎஸ்டி நீங்கலாக 6 கோடி ரூபாய் வரவு. பங்குதாரர் மூலதனத்துக்கான வட்டியைக் கழித்த பின், ஊதியத்துக்கு முந்தைய லாபம் 42 லட்சம். இந்த அளவு லாபத்துக்குப் பிரிவு 40(பி) அனுமதிக்கும் ஊதியம் 27 லட்சம். பத்திரத்தில் இருப்பது 24 லட்சம்தான். ஆகவே வரிக்குரிய லாபம் 18 லட்சம், அதாவது வரவில் 3 சதவீதம். அதற்கு வரி 5,61,600 ரூபாய். வழக்கமான இரண்டு சதவீதத்தில் பிடிக்கப்படவிருந்ததோ 12 லட்சம். இடையிலுள்ள 6,38,400 ரூபாய் ஓர் ஆண்டுக்கு மேல் அரசிடம் இருக்கும். தாமதத்துக்கு அரசு பிரிவு 244ஏ-இன்படி மாதம் அரை சதவீத வட்டி தருகிறது. அந்த வட்டிக்கும் வரி உண்டு. நிறுவனம் ஓவர் டிராஃப்டுக்குக் கொடுத்த வட்டி அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியிருந்தவை

பிரிவு 197, வருமானம் பெறுபவர் விண்ணப்பித்தால், அவருடைய மொத்த வருமானத்தைப் பார்க்கும்போது குறைந்த விகிதத்தில் பிடிப்பதே பொருந்தும் என்று அதிகாரி கருதினால், அதற்குச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. விதி 28-இன்படி விண்ணப்பம் படிவம் 13-இல், வருமான வரித் துறையின் வரிப் பிடித்தத் தளமான டிரேசஸ் வழியாக, வரி பிடிக்கப்படுபவரின் கணக்கில் நுழைந்து தாக்கல் செய்யப்படுகிறது. அதிகாரி எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை விதி 28ஏஏ வரையறுக்கிறது: நடப்பு ஆண்டின் மதிப்பிட்ட வருமானத்துக்கான வரி, முந்தைய நான்கு ஆண்டுகளின் வருமானத்துக்கான வரி, ஏற்கெனவே உள்ள வரி நிலுவை, விண்ணப்ப நாள் வரை கட்டிய முன்கூட்டிய வரியும் பிடிக்கப்பட்ட வரியும். இந்த நான்கில் மூன்றாவதை நாங்கள் சாதாரணமாக நினைத்துவிட்டோம். மே மாதமே தாக்கல் செய்திருக்க வேண்டிய விண்ணப்பம் ஜூனுக்குத் தள்ளிப்போனது அதனால்தான்.

வருமான வரித் தளத்தில் "Response to Outstanding Demand" என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, 2019-20 மதிப்பீட்டு ஆண்டுக்கு 84,320 ரூபாய் நிலுவை என்று ஒரு வரி இருந்தது. அண்ணனுக்கு அது நினைவிலேயே இல்லை. பழைய கோப்புகளைத் தேடியதில் காரணம் தெரிந்தது. அந்த ஆண்டில் பணம் கொடுத்த ஓர் அலுவலகம் தன் காலாண்டு அறிக்கையில் நிறுவனத்தின் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிந்திருந்தது. அதனால் கணக்கு பரிசீலிக்கப்பட்டபோது அந்தப் பிடித்தத்துக்கு வரவு கிடைக்கவில்லை. பின்னர் அந்த அலுவலகம் திருத்த அறிக்கை தாக்கல் செய்திருந்தது, 26ஏஎஸ்-இலும் தொகை வந்துவிட்டது. ஆனால் மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லி நிறுவனத்தின் தரப்பிலிருந்து யாரும் கேட்கவில்லை. 26ஏஎஸ் சரியானவுடன் நிலுவையும் தானே நீங்கிவிடும் என்று நினைத்திருந்தார்கள். அது தானே நீங்குவதில்லை. பிரிவு 154-இன்கீழ் திருத்த மனு போட்டால்தான் கணக்கு மறுபடியும் பரிசீலிக்கப்படும்.

இந்த நிலுவையோடு விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்காகவே சொல்ல முடியும். அதிகாரி 84,320 ரூபாயையும் அதன் மீதான வட்டியையும் இந்த ஆண்டு வசூலாக வேண்டிய வரியோடு சேர்த்துக்கொள்வார், விகிதம் அந்த அளவுக்கு ஏறும். நிலுவை எதையும் தீர்க்காமல் வரும் விண்ணப்பத்தை அதிகாரி தயக்கத்தோடு பார்ப்பதும் இயல்பு. எனவே ஜூன் 12 அன்று திருத்த மனுவைத் தாக்கல் செய்து, அதன் ஒப்புகையையும் பழைய 26ஏஎஸ் பக்கத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்தோம்.

இன்னொரு கறை நிறுவனத்தின் சொந்த டான் எண்ணில், அதாவது வரி பிடிப்பவருக்கான அடையாள எண்ணில், இருந்தது. ஒப்பந்ததாரர் தாமும் துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் கொடுக்கும்போது வரி பிடித்துக் கட்ட வேண்டியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது வரிப் பிடித்தப் பிரிவின் அதிகாரி என்பதால், அவர் முதலில் திறந்து பார்ப்பது விண்ணப்பதாரரின் டான் கணக்கைத்தான். ஒரு காலாண்டு அறிக்கை 27 நாள் தாமதமானதற்கு, நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் பிரிவு 234இ-இன்கீழ் 5,400 ரூபாய் கட்டணம் கட்டப்படாமல் இருந்தது. அன்றே செலுத்தினோம். தொகை சிறியது, ஆனால் அது கட்டப்படாமல் இருந்திருந்தால் விண்ணப்பம் ஒரு கடிதத்துக்கும் இன்னொரு கடிதத்துக்கும் இடையே ஒரு மாதம் காத்துக் கிடந்திருக்கும்.

கேட்ட விகிதம் எப்படி வந்தது

மொத்த ஆண்டையும் வைத்துப் பார்த்தால் தேவையான விகிதம் எளிதாகத் தெரிந்துவிடும்: 5,61,600 ரூபாய் வரியை 6 கோடி வரவால் வகுத்தால் 0.936 சதவீதம். ஆனால் ஜூன் நடுவில் விண்ணப்பிக்கிற ஒருவர் இந்த விகிதத்தைக் கேட்டால் அது தவறு. அதற்குள் ஒரு கோடி ரூபாய்க்கான பில்கள் இரண்டு சதவீதத்தில் பிடிக்கப்பட்டு 2 லட்சம் ரூபாய் போய்விட்டது. எஞ்சிய வரி 3,61,600. எஞ்சிய வரவு 5 கோடி. எஞ்சிய காலத்துக்குப் பொருந்தும் விகிதம் 0.72 சதவீதம். சற்று இடம் விட்டு 0.75 சதவீதம் கேட்டோம். சான்றிதழ் பின்னோக்கிச் செல்லுபடியாகாது, வழங்கப்பட்ட நாளிலிருந்து முன்னோக்கி மட்டுமே செல்லும் என்பதை நேரடி வரிகள் வாரியம் 1999 மார்ச்சில் வெளியிட்ட 774ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே பிந்தி விண்ணப்பிப்பவர் தாமதத்தில் இழந்ததைக் குறைந்த விகிதத்தின் வழியாகத்தான் ஓரளவு ஈடுகட்ட முடியும். அதற்கும் அதிகாரி இசைய வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஓர் எல்லை உண்டு. மிகக் குறைவாகக் கேட்டு வாங்கிவிட்டால், ஆண்டின் உண்மையான வரிக்கும் பிடித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நிறுவனமே முன்கூட்டிய வரியாகத் தவணை தவறாமல் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பிரிவு 234பி, 234சி ஆகியவற்றின் வட்டி மாதம் ஒரு சதவீதம் ஓடத் தொடங்கும். மழைக்காலத்தில் பில் நின்றுபோகும் தொழிலில் தவணைக்குக் கையில் பணம் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 0.5 சதவீதம் கேட்கலாமே என்று தம்பி விரும்பியபோது நாங்கள் மறுத்ததற்குக் காரணம் இதுதான்.

படிவத்தில் பணம் கொடுப்பவர் மூவரின் டான் எண், பிரிவு, எதிர்பார்க்கும் தொகை, கேட்கும் விகிதம் ஆகியவற்றைத் தனித்தனியே நிரப்பினோம்: கோட்ட அலுவலகத்துக்கு 2.7 கோடி, மாநகராட்சிக்கு 1.5 கோடி, தொழிற்சாலைக்கு 80 லட்சம். தொகைகளை ஜிஎஸ்டி நீங்கலாகவே எழுதினோம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மீது வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை என்று 2017ஆம் ஆண்டின் 23ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனாலும் சில அலுவலகங்கள் மொத்த பில்லின் மீதே பிடிக்கின்றன. அப்படிப் பிடித்தால் வரி கூடுவதோடு நிற்காமல் சான்றிதழில் குறிப்பிட்ட தொகை வரம்பும் வேகமாகக் கரைந்துபோகும் என்பதால், மாநகராட்சியின் கணக்குப் பிரிவுக்குச் சுற்றறிக்கையின் நகலை முன்கூட்டியே கொடுத்து வைத்தோம்.

அதிகாரியின் கேள்வி

விண்ணப்பம் போய் மூன்றாம் வாரத்தில் டிரேசஸ் கணக்கில் ஒரு விளக்கக் கோரிக்கை வந்தது. அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முந்தைய நான்கு ஆண்டுகளின் கணக்கு அவர் முன் இருந்தது. 2020-21இல் 3.1 கோடி வரவுக்கு 2,80,800 ரூபாய் வரி, 2021-22இல் 4.2 கோடிக்கு 4,36,800, 2022-23இல் 4.8 கோடிக்கு 4,68,000; 2023-24இல் 5.4 கோடிக்கு 6,55,200. முதல் மூன்று ஆண்டுகளிலும் விகிதம் ஏறக்குறைய ஒரு சதவீதத்தைச் சுற்றி நிற்க, கடைசி ஆண்டில் 1.21 சதவீதமாக உயர்ந்திருந்தது. கடைசி ஆண்டில் லாப விகிதம் உயர்ந்திருக்க, இந்த ஆண்டு மட்டும் 3 சதவீதமாக அது குறையும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதே கேள்வி.

பதில் ஒரு பழைய வேலையின் கோப்பில் இருந்தது. 2021இல் முடிந்த ஒரு சாலை வேலைக்குத் தார் விலை ஏற்றத்துக்கான வித்தியாசத் தொகை 5 லட்சம் ரூபாய், நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் 2023-24இல் கைக்கு வந்திருந்தது. அதற்கான செலவு அந்தந்த ஆண்டிலேயே கணக்கில் எழுதப்பட்டுவிட்டதால், வந்த தொகை முழுவதும் அந்த ஒரே ஆண்டின் லாபமாக நின்றது. அதை நீக்கிப் பார்த்தால் வரவு 5.35 கோடி, லாபம் 16 லட்சம், வரி 4,99,200, விகிதம் 0.93 சதவீதம். இந்த ஆண்டுக்கு நாங்கள் மதிப்பிட்டிருந்ததும் ஏறக்குறைய அதுவே. விலை வித்தியாச பில்லின் நகல், பணம் வந்த வங்கிப் பக்கம், அந்த வேலை முடிந்ததற்கான சான்று ஆகிய மூன்றையும் இணைத்து அரைப் பக்கத்தில் பதில் எழுதினோம். பழைய ஆண்டு மிகையாகத் தெரிவதற்கான காரணத்தை அதிகாரிக்குத் தாளில் காட்டுவதுதான் இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் பலன் தரும் என்பது என் அனுபவம். இந்த ஆண்டு லாபம் குறையும் என்று எத்தனை பக்கம் எழுதினாலும் அது ஒரு மதிப்பீடுதான்; பழைய ஆண்டைப் பற்றிய விளக்கமோ நடந்து முடிந்த கணக்கு.

ஜூலை 5 அன்று 84,320 ரூபாய் நிலுவையை நீக்கிய திருத்த ஆணையும் வந்துவிட, அதையும் அனுப்பினோம். ஜூலை 18 அன்று சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்று டான் எண்களுக்கும் விகிதம் ஒரு சதவீதம்.

நாங்கள் கேட்டது 0.75. ஆணையிலிருந்து புரிந்தவரை, நான்கு ஆண்டுகளின் மொத்த வரியை மொத்த வரவால் வகுத்த சராசரியான 1.05 சதவீதத்துக்கும் எங்கள் மதிப்பீட்டுக்கும் இடையில் அதிகாரி நின்றிருக்கிறார். ஏற்கெனவே இரண்டு சதவீதத்தில் போய்விட்ட 2 லட்சத்துக்கு அவர் உரிய எடை கொடுக்கவில்லை என்பது என் கருத்து. விதி 28ஏஏ-இன் நான்காவது கூறு அதற்காகவே இருக்கிறது. இந்த ஆணையை எதிர்த்து வழக்கமான மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது போன்ற வழிகள்தான் உண்டு. கால் சதவீதம் என்பது 5 கோடிக்கு 1,25,000 ரூபாய். அந்தத் தொகையும் பின்னர் ரீஃபண்டாக வரப்போவதுதான். சகோதரர்களோடு பேசி, கையிலிருக்கும் ஒரு சதவீதச் சான்றிதழை உடனே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

சான்றிதழ் வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டால், பாதிப் பலன் போய்விடும். இந்த நிகழ்வில் மூன்று இடங்களில் அது தெரிந்தது.

முதலாவது தொழிற்சாலையின் பில். ஜூன் மாதத்துக்கான 20 லட்சம் ரூபாய் பில்லை அவர்கள் ஜூன் 30 அன்றே தங்கள் கணக்கில் வரவு வைத்திருந்தார்கள்; பணம் ஆகஸ்டில்தான் வந்தது. சான்றிதழ் ஜூலையிலேயே இருக்க, ஆகஸ்டில் கொடுத்த பணத்தில் எப்படி இரண்டு சதவீதம் பிடிக்கலாம் என்று தம்பி கோபப்பட்டார். ஆனால் தொழிற்சாலை செய்தது சரியே. பிரிவு 194சி-இன்படி, கணக்கில் வரவு வைக்கும் நாள், பணம் கொடுக்கும் நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அன்றே வரி பிடிக்கப்பட வேண்டும். ஜூன் 30 அன்று சான்றிதழ் இல்லை. பில்லை அனுமதித்த கையோடு பணம் கொடுக்கும் அரசு அலுவலகங்களில் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை. தனியாரிடம் வேலை செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது பில் பதிவான நாளை.

இரண்டாவது நெடுஞ்சாலைத் துறையின் பில். அக்டோபரில் ஒரு பாலத்தின் அணுகுசாலை வேலை நிர்வாக மாற்றத்தால் பக்கத்துக் கோட்டத்தின் பொறுப்புக்குப் போனது. வேலை அதேதான், அளவுப் புத்தகத்தில் அதே கையெழுத்து, துறையும் அதேதான். ஆனால் 30 லட்சம் ரூபாய் பில் அனுமதிக்கப்பட்டது வேறொரு டான் எண்ணில். சான்றிதழ் அதில் பெயர் குறிக்கப்பட்ட டான் எண்ணுக்கும், அதில் எழுதப்பட்ட பிரிவுக்கும், அதில் சொன்ன தொகை வரைக்கும்தான் செல்லும். புதிய கோட்டத்தின் கணக்காளர் இரண்டு சதவீதம் பிடித்தார். அவர் மீதும் குறை சொல்ல இடமில்லை. புதிய டான் எண்ணுக்கு மட்டும் தனியாக இன்னொரு படிவம் 13 தாக்கல் செய்திருக்கலாம். வேலை கைமாறிய செய்தி எங்களுக்கு எட்டியபோது பில் அனுமதிக்கப்பட்டுவிட்டதால் அதற்கு இடமில்லாமல் போனது. வேலை ஒரு கோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறப்போகிறது என்று தளத்தில் பேச்சு எழுந்தவுடன் அதை ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்ததாரர்களுக்குத் தோன்றாத ஒன்று. இப்போது இந்த நிறுவனத்தின் தளப் பொறியாளர் மாதாமாதம் எந்த பில் எந்த அலுவலகத்தில் அனுமதிக்கப்படும் என்று எங்களுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறார்.

மூன்றாவது மாநகராட்சியில் நடந்தது. சான்றிதழைக் கொடுத்த அன்று கணக்குப் பிரிவு எழுத்தர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணு மட்டும் பிடிச்சுட்டு, பின்னாடி எனக்கு நோட்டீஸ் வந்தா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டார். அவருடைய அச்சம் உண்மையானது. குறைந்த விகிதத்தில் பிடித்த வரியைக் காலாண்டு அறிக்கையான 26கியூ-இல் பதியும்போது, குறைவாகப் பிடித்ததற்கான காரணக் கட்டத்தில் `A` என்ற குறியையும், அதன் பக்கத்துக் கட்டத்தில் சான்றிதழ் எண்ணையும் இட வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கணினி அதைக் குறைப் பிடித்தமாகக் கணக்கிட்டு, வித்தியாசத்தையும் வட்டியையும் அலுவலகத்தின் பெயரில் நிலுவையாக எழுதிவிடும். நாங்கள் அவருடைய மேசையிலேயே அமர்ந்து, டிரேசஸ் தளத்தில் சான்றிதழ் எண்ணைச் சரிபார்க்கும் வசதியைத் திறந்து, எண்ணும் பான் எண்ணும் விகிதமும் தொகை வரம்பும் திரையில் வருவதைக் காட்டினோம். அந்தப் பக்கத்தை அச்சிட்டு பில்லோடு கோத்துக்கொண்டார். அப்படியும் டிசம்பர் காலாண்டு அறிக்கையில் சான்றிதழ் எண்ணின் ஓரெழுத்து மாறிப் பதிவாகி, பிப்ரவரியில் அவர் அலுவலகத்துக்கு நிலுவை அறிவிப்பு வந்தது. திருத்த அறிக்கை போட்டு நீக்கினார். ஒப்பந்ததாரருக்கு அதனால் பண இழப்பு இல்லை. ஆனால் எழுத்தர் ஒருவர் ஒருமுறை இப்படி அலைக்கழிக்கப்பட்டால், அடுத்த ஆண்டு எந்தச் சான்றிதழைக் கொண்டுபோனாலும் "ரெண்டே பிடிச்சுக்கறேனுங்க" என்றுதான் சொல்வார். அதனால் ஒவ்வொரு காலாண்டும் முடிந்தபின் 26ஏஎஸ்-ஐத் திறந்து, ஒரு சதவீதத்தில் பிடித்த தொகைகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் அறிவிப்பு வருமுன்பே அவருக்குச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம்.

ஆண்டு முடிவில்

மார்ச் 31 அன்று மொத்த வரவு 5.9 கோடியில் நின்றது. அதில் விண்ணப்பத்துக்கு முன் ஒரு கோடி, விண்ணப்பத்துக்கும் சான்றிதழுக்கும் இடையில் தொழிற்சாலையின் ஜூன் பில்லையும் சேர்த்து 50 லட்சம், கோட்டம் மாறிய பில் 30 லட்சம் ஆகியவை இரண்டு சதவீதத்தில் போயின. மீதி 4.1 கோடி ஒரு சதவீதத்தில். மொத்தப் பிடித்தம் 7,70,000 ரூபாய். வரிக்குரிய லாபம் 17.5 லட்சமாகி, வரி 5,46,000 ஆனது. ரீஃபண்டாக வர வேண்டியது 2,24,000 ரூபாய். சான்றிதழ் இல்லாமல் இருந்திருந்தால் அது 6,34,000 ஆக இருந்திருக்கும். வித்தியாசமான 4,10,000 ரூபாய் ஆண்டு முழுவதும் ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் ஆட்கூலிக்கும் சுழன்றது.

மிஞ்சிய 2,24,000 ரூபாயின் பெரும்பகுதி ஏப்ரல் முதல் ஜூலை நடு வரையிலான மூன்றரை மாதங்களின் விலை. ஆகவே 2025-26க்கான விண்ணப்பத்தை மார்ச் மாதமே தாக்கல் செய்தோம். ஆண்டு தொடங்குமுன் தாக்கல் செய்வதால் நடப்பு ஆண்டில் பிடித்த வரி என்று எதுவும் இருக்காது. கேட்கும் விகிதம் மொத்த ஆண்டின் விகிதமாகவே இருந்தால் போதும், எஞ்சிய காலத்துக்கென்று தனிக் கணக்குப் போட்டு அதிகாரியை இசைய வைக்கும் சிரமம் இல்லை. இந்த முறை பக்கத்துக் கோட்டத்தின் டான் எண்ணையும் படிவத்தில் சேர்த்தோம்.

அந்த ஆண்டிலிருந்து கணக்கில் ஒரு மாற்றமும் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 194T-இன்படி, பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் ஊதியமும் வட்டியும் கொடுக்கும் நிறுவனம் அதில் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். சகோதரர்களின் ஊதியமான 24 லட்சத்துக்கு மட்டும் அது 2,40,000 ரூபாய். நிறுவனத்தின் வரியை இது கூட்டவில்லை; சகோதரர்கள் சொந்தமாகக் கட்டிவந்த முன்கூட்டிய வரியில் பெரும்பகுதி இனி இந்த வழியாகவே போய்விடும். ஆனால் அதை மாதாமாதம் பிடித்துக் கட்டிக் காலாண்டு அறிக்கை தருவது நிறுவனத்தின் டான் எண்ணின் பொறுப்பு. அதில் ஒரு காலாண்டு தவறினாலும், அடுத்த படிவம் 13-ஐப் பரிசீலிக்கும் அதிகாரி முதலில் திறக்கும் பக்கத்தில் அது தெரியும். மே மாத முதல் வாரத்தில் அண்ணன், ஏப்ரல் மாதத்துக்குத் தம்பியின் ஊதியத்திலும் தன்னுடையதிலும் பிடித்த 20,000 ரூபாய்க்கான சலானை அனுப்பி, "இது சரியாப் போயிருச்சான்னு பாருங்க சார்" என்று கேட்டிருந்தார். டான் எண்ணும் பிரிவும் சரியாகவே இருந்தன.